ஈட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்காத தாவீது

பிரிந்த குடும்பங்களின் ஒப்புரவைப் பற்றிப் பிரசங்கிக்கும் போதகர்கள் பெரும்பாலும் யோசேப்பின் கதையைத்தான் எடுக்கிறார்கள். சொத்துத் தகராறில் வருடக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒரே ஆலயத்தில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நம் சபைகளில் சாதாரணம். அவர்களுக்கு அந்தக் கதை பொருந்தும். ஆனால் அதே ஆராதனையில், கணவனிடம் அடிபட்ட காயம் தெரியாமல் சேலையை இழுத்து மூடிக்கொண்டு ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கிறாள். பிரசங்கம் அவள் காதிலும் விழுகிறது. ‘மன்னித்துவிடு, போய்ச் சேர்ந்துகொள்’ என்று பொதுவாகச் சொன்னால், அவள் அதைத் தனக்கு இடப்பட்ட கட்டளையாகவே எடுத்துக்கொள்வாள்.

யோசேப்பு கதையையே நாம் அவசரமாகச் சொல்லிவிடுகிறோம். 17 வயதில் விற்கப்பட்டவர் தம்மை வெளிப்படுத்தியபோது, ஆதியாகமத்தின் கணக்குப்படி, சுமார் 39 வயது. தானியம் வாங்க அண்ணன்மார் வந்து நின்ற அன்றே அவர் கட்டித் தழுவவில்லை. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துப் பேசினார். தனியே போய் அழுதார். சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பினார். அடுத்த முறை பென்யமீனின் சாக்கில் வெள்ளிக் கோப்பையை வைத்துப் பார்த்தார். தகப்பனுக்குப் பிரியமான இந்தத் தம்பியையும் விட்டுவிட்டுப் போவார்களா என்பதே சோதனை. அப்போது யூதா முன்னே வந்து, தம்பிக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருப்பதாகச் சொன்னார். யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவரும் இதே யூதாதான். அந்த மாற்றத்தைக் கண்ட பிறகே யோசேப்பு வாய்திறந்தார். அவருக்குள் மன்னிப்பு முன்பே இருந்திருக்கலாம். உறவு திரும்புவதற்கு மறுபக்கத்தில் மனமாற்றம் வேண்டியிருந்தது.

இந்தக் கதைக்கு ஓர் எல்லையும் உண்டு. யோசேப்பு அப்போது எகிப்தின் அதிகாரி. அண்ணன்மாரால் அவரை இனி ஒன்றும் செய்ய முடியாது. அடிபடும் பெண்ணின் நிலை அதுவல்ல. அவளுக்கு நெருக்கமான கதை சவுலும் தாவீதும். சவுல் தாவீதின் மாமனார், ஈட்டியை எறிந்து அவரைக் கொல்லப் பார்த்தவர். என்கேதிக் குகையில் தாவீது தம்மைக் கொல்லாமல் விட்டதை அறிந்து சவுல் சத்தமிட்டு அழுதார். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பிறகு 3,000 பேரோடு மறுபடி வேட்டைக்கு வந்தார். இரண்டாம் முறையும் தப்பவிட்ட தாவீது, எட்டத்தில் ஒரு மலையுச்சியில் நின்றுகொண்டுதான் பேசினார். இனித் தீங்கு செய்யமாட்டேன், திரும்பி வா என்று சவுல் அழைத்தார். தாவீது எடுத்து வந்திருந்த ஈட்டியைத் தாமே கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வாலிபன் ஒருவன் வந்து வாங்கிப் போகட்டும் என்றார். பிறகு தம் வழியே போனார். பழிவாங்கவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. இந்தப் பகுதி ஒப்புரவுப் பிரசங்கத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரசங்கம் முடிந்த பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்ப்போம். மனைவி குழந்தையோடு தாய்வீட்டில் இருக்கிறாள். கணவன் அழுதுகொண்டே வந்து, “ஐயா, நான் திருந்திட்டேன், நீங்க சொன்னா வருவா” என்கிறான். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவதுதான் நம் வழக்கம். இங்கே அது ஆபத்து. அவன் முன்னால் அவள் சொன்ன உண்மைக்கு அன்று இரவே அடி விழலாம். பயந்து அவள் ஒன்றும் சொல்லாவிட்டால், பிரச்சினையே இல்லை என்று முடிவாகிவிடும். முதலில் அவளைத் தனியே, அவள் நம்பும் ஒரு பெண் உடனிருக்கக் கேட்க வேண்டும். கழுத்தை நெரித்தானா, கொல்வேன் என்றானா என்று நேராகவே கேட்க வேண்டும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து என்பதன் அடையாளங்கள். அவள் இருக்கும் இடத்தை அவனிடம் சொல்லவே கூடாது.

அவன் திருந்தியதைக் கண்ணீரை வைத்து அளக்கக் கூடாது. தான் செய்ததை, ‘அவள் எதிர்த்துப் பேசினாள்’ என்ற ஒட்டு இல்லாமல் சொல்கிறானா? குழந்தையின் செலவுக்கு நிபந்தனை இல்லாமல் பணம் கொடுக்கிறானா? ‘இப்போது வரமாட்டேன்’ என்று அவள் சொன்னால் கோபப்படாமல், ஆள்விட்டு நெருக்காமல் இருக்கிறானா? மாதக்கணக்கில் பார்த்தால்தான் இது தெரியும். ‘எப்போது அனுப்புவீர்கள்’ என்று அவசரப்படுத்துகிறவன் இன்னும் மாறவில்லை. மாறியவனிடமும் அவள் திரும்பியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால், அதைக் குடும்பத்துக்குள் சமரசம் பேசி முடிக்கச் சபைக்கு உரிமையே கிடையாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். போதகருக்கும் விலக்கு இல்லை. அடிபடும் பெண்ணுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவைப் பெற மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் உதவுவார். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்களை, ஒப்புரவுக்கான அழைப்பை விடுக்கும் அதே பிரசங்க பீடத்திலிருந்து, அந்த அழைப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.