கேட்ட காசு எங்கே போகும்?

2013 டிசம்பரில் ஸ்வீடனைச் சேர்ந்த டேவிட் சாண்ட்பர்க் 'கங் ஃபியூரி' குறும்படத்துக்காக கிக்ஸ்டார்ட்டரில் 2 லட்சம் டாலர் கேட்டார். கைக்காசு போட்டு எடுத்த டிரெய்லர் அப்போதே தயாராக இருந்தது. 10 லட்சம் டாலர் சேர்ந்தால் முழுநீளப் படம் என்றும் அறிவித்தார். வந்தது சுமார் 6.3 லட்சம். அதனால் அரைமணி நேரப் படத்தோடு நிறுத்திக்கொண்டு, 2015 மே மாதம் யூடியூபில் இலவசமாக வெளியிட்டார். எவ்வளவு வந்தால் என்ன கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால், முழுநீளப் படம் எங்கே என்று யாரும் சண்டைக்கு வர இடமில்லை.

நம் ஊர் குறும்பட போஸ்டர்களுக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது 'எங்கள் கனவுக்குக் கைகொடுங்கள்' என்ற வரியும் ஒரு தொகையும்தான். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதுதான் காசு போடுபவர் கேட்கும் முதல் கேள்வி.

உதாரணத்துக்கு, 15 நிமிடப் படம் ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். திரட்டித் தரும் தளத்தின் கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து 8 சதவீதம் என்றால் 24,000 போய்விடும். 2,000 ரூபாய் தருபவருக்கு டி-ஷர்ட் என்று அறிவித்து, 40 பேர் சேர்ந்தால், ஒன்றுக்குத் துணி, அச்சு, கூரியர் என 400 வீதம் இன்னொரு 16,000. யூனிட் கையில் நிற்பது 2,60,000தான். இதைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து மறுபடி காசு கேட்கிறார்கள்.

ஆகவே கேப்ஷன் இப்படி அமையலாம்: 'இலக்கு 3 லட்சம். கேமரா, லைட் வாடகை 90,000. மூன்று நாள் பேட்டா, சாப்பாடு, வண்டி 1 லட்சம். எடிட்டிங், சவுண்ட், டிஐ 55,000. திரைவிழா நுழைவுக் கட்டணம் 15,000. மீதி 40,000 தளக் கட்டணத்துக்கும் டி-ஷர்ட்டுக்கும். இயக்குநருக்குச் சம்பளம் இல்லை.' கவர்ச்சி குறைவுதான். ஆனால் வாசித்தவருக்குச் சந்தேகம் மிஞ்சாது.

கெடு என்றால் இரண்டு தேதிகள். வசூல் முடியும் நாள் ஒன்று, படம் கைக்கு வரும் நாள் இன்னொன்று. பலர் முதலாவதை மட்டும் போடுகிறார்கள். இலக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே வேண்டும். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கு எட்டாவிட்டால் யாரிடமும் பணம் எடுக்கப்படாது. வந்த தொகையை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் முறையில் கேட்பவர், பாதிப் பணத்தில் என்ன செய்வார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

பரிசுகளில் டைட்டில் கார்டில் பெயர் போடுவது செலவில்லாதது. லாபத்தில் பங்கு என்ற பேச்சு மட்டும் ஆபத்து. அது நன்கொடை என்ற நிலை மாறி முதலீடாகி, சட்டச் சிக்கலுக்குள் இழுத்துவிடும். 'படத்தை முதலில் நீங்கள் பார்க்கலாம்' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இணையத்தில் பொதுவில் வந்த படத்தைச் சில திரைவிழாக்கள் ஏற்பதில்லை. அதனால் 'பாஸ்வேர்டு போட்ட தனி லிங்க். விழாச் சுற்று முடிந்த பிறகே பொது வெளியீடு' என்று எழுதுவதே சரி.