கை ஜெல்லுக்கு மசியாத ஸ்போர்

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது சிலருக்கு வயிறு இளகும். மருந்து முடிந்த இரண்டொரு நாளில் அது தானாகவே சரியாகிவிடும். அப்படிச் சரியாகாமல், நாளுக்கு நாள் மோசமாகிற பேதி ஒன்றும் உண்டு. அதற்குக் காரணம் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா. மருத்துவமனைகளில் சுருக்கமாக ‘சி.டிஃப்’ என்பார்கள்.

உதாரணத்துக்கு, 70 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிமோனியாவுக்காக மருத்துவமனையில் ஒரு வாரம் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டுக்கொண்டு குணமாகி வீடு திரும்பியவர். பத்து நாள் கழித்து அடிவயிற்றில் முறுக்கி வலிக்கிறது. ஒரே நாளில் எட்டு முறை தண்ணீராகப் போகிறது. காய்ச்சலும் இருக்கிறது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். பத்து நாளுக்கு முன் முடிந்துபோன ஊசி யார் நினைவுக்கும் வருவதில்லை. ஆனால் இந்த பேதி மருந்து முடிந்து மூன்று மாதம் வரைகூட வரலாம். முதல் மாதத்தில்தான் ஆபத்து அதிகம்.

அந்த ஊசி என்ன செய்தது? கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்கள் குடலுக்குள் வந்ததும், அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் சில அவற்றை வேறு வகைப் பித்த அமிலங்களாக மாற்றுகின்றன. சி.டிஃப் கிருமி குடலுக்குள் நுழைவது பெரும்பாலும் ஸ்போர் வடிவத்தில். ஸ்போர் என்பது, உணவும் நீரும் வேண்டாமல், கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் கிருமி. கோடை மண்ணில் கிடக்கும் விதை மாதிரி. மாற்றப்படாத பித்த அமிலம் அதை முளைக்கத் தூண்டும். மாற்றப்பட்ட அமிலமோ, முளைத்து வரும் கிருமியை வளரவிடாமல் அடக்கும். நுரையீரல் கிருமியைக் கொல்லப் போட்ட ஊசி, பித்தத்தை மாற்றும் பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்துவிட்டது. கிருமியை அடக்க ஆளில்லாமல் போயிற்று. கிளிண்டமைசின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற குவினோலோன்கள் ஆகியவற்றுக்குப் பிறகு இது அதிகம் வருகிறது. வேறு எந்த ஆன்டிபயாட்டிக்குக்குப் பிறகும் வர வாய்ப்புண்டு.

முளைத்த கிருமி இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களை நிமிர்த்தி வைத்திருக்கும் உள்சட்டத்தை அவை குலைக்கின்றன. செல்களுக்கிடையே உள்ள பிணைப்பு விட்டுப்போய், நீர் குடலுக்குள் கசிகிறது. நோய் முற்றினால், கொலோனாஸ்கோப்பியில் மஞ்சள் நிறத் திட்டுகள் சுவரெங்கும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்.

இந்தப் பெரியவர் கழிப்பறைக்குப் போய்வரும்போதெல்லாம் கோடிக்கணக்கான ஸ்போர்கள் வெளியேறுகின்றன. கதவுக் கைப்பிடி, கட்டில் கம்பி, கழிப்பறைக் குழாய் என்று எங்கும் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவரைக் கவனித்துக்கொள்பவர் சானிடைசர் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டு, கை சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறார்.

ஆல்கஹால் சாதாரண பாக்டீரியாவின் சவ்வைக் கரைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை உருக்குலைத்துக் கொல்லும். ஸ்போரிடம் அது செல்லாது. அடுக்கடுக்கான புரத உறைகளைத் தாண்டி ஆல்கஹாலால் உள்ளே போக முடியாது. உட்கருவிலும் ஈரம் மிகக் குறைவு. ஆய்வகங்களில் இந்தக் கிருமியை மலத்திலிருந்து பிரித்தெடுக்கவே ஆல்கஹாலைத்தான் பயன்படுத்துகிறார்கள். மாதிரியோடு ஆல்கஹாலைக் கலந்து சிறிது நேரம் வைத்தால் மற்ற பாக்டீரியாக்கள் பெரும்பாலும் செத்துவிடும், சி.டிஃப் ஸ்போர் மட்டும் பிழைத்திருக்கும். பிறகு அதைத் தனியாக வளர்த்தெடுப்பார்கள்.

கனடாவின் மான்ட்ரியலில் இதைக் கையில் வைத்தே சோதித்தார்கள். முடிவு 2009-இல் வெளியானது. தன்னார்வலர்கள் 10 பேரின் கைகளில் நச்சு சுரக்காத சி.டிஃப் வகையைத் தடவி, வெவ்வேறு முறைகளில் சுத்தம் செய்தார்கள். சாதாரண சோப்பும் தண்ணீரும் கிருமியின் எண்ணிக்கையை ஏறத்தாழ நூறில் ஒன்றாகக் குறைத்தன. ஆல்கஹால் தேய்த்த கையிலோ, ஒன்றுமே செய்யாத கையில் இருந்த அளவுக்கே கிருமி இருந்தது. சோப்பும் ஸ்போரைக் கொல்வதில்லை. தேய்ப்பதிலும் ஓடும் தண்ணீரிலும் அது கழன்று போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் இந்த நோயாளியைத் தனிக் கழிப்பறை உள்ள அறையில் வைப்பார்கள். தொடுபவர்கள் கையுறை போட வேண்டும், அதைக் கழற்றியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் கழிப்பறையையும் கைப்பிடிகளையும் துடைக்க, 5 சதவீத பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஈரமாக விட வேண்டும். குளோரின் ஸ்போரைக் கொல்லும். அதை வேறு எந்த கிளீனரோடும் கலக்கக் கூடாது.

பெரியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். மலப் பரிசோதனையில் நச்சு இருப்பது தெரிகிறது. இளகிய மலத்தை மட்டுமே சோதிப்பார்கள். ஏனென்றால் நோயே இல்லாமல் இந்தக் கிருமியைச் சுமப்பவர்கள் உண்டு. குணமான பிறகும் சில வாரங்கள் கிருமி தென்படும் என்பதால், போய்விட்டதா என்று பார்க்க மறுபடி சோதிப்பதில் பயனில்லை.

முதல் வேலை, முடிந்தால் பழைய ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது. பேதியை நிறுத்தும் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது. இழந்த நீரை ஓ.ஆர்.எஸ். அல்லது டிரிப் மூலம் ஈடு செய்வார்கள். பிறகு வான்கோமைசின் 125 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள், வாய் வழியாக. நரம்பில் ஏற்றினால் இந்த மருந்து குடலுக்குள் போய்ச் சேராது. விழுங்கினால் ரத்தத்தில் அதிகம் கலக்காமல் நேரே பெருங்குடலுக்குப் போகிறது. மாத்திரை கிடைக்காத இடங்களில் ஊசிக்கான பொடியையே தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பதுண்டு. நல்ல பாக்டீரியாக்களை அதிகம் தொடாத ஃபிடாக்சோமைசின் இன்னும் சிறந்தது என்றாலும் விலை அதிகம். இவை இரண்டும் கிடைக்காதபோது, நோய் தீவிரமில்லாதவர்களுக்கு மெட்ரோனிடசோல் தருவார்கள். வயிறு உப்பி, பேதி திடீரென்று நின்று, ரத்த அழுத்தம் இறங்கினால் அது குணமல்ல, குடல் செயலிழக்கிறது. சிலருக்கு அறுவை சிகிச்சைதான் உயிரைக் காக்கும்.

மருந்தில் சரியானவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது சில வாரங்களில் நோய் திரும்புகிறது. வான்கோமைசின் முளைத்த கிருமியைக் கொல்லும், ஸ்போரைத் தொடாது. கூடவே நல்ல பாக்டீரியாக்களையும் குறைக்கிறது. மருந்து நின்றதும் மிச்சமிருக்கும் ஸ்போர்கள் முளைக்க மறுபடியும் இடம் கிடைக்கிறது.

அப்படித் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு, ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் குடலுக்குள் செலுத்துகிறார்கள். நெதர்லாந்தில் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. இந்தச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2023 முதல் இதே நோக்கத்துக்காக, விழுங்கும் கேப்சூலுக்கும் அனுமதி உண்டு. பித்தத்தை மாற்றும் பாக்டீரியாக்கள் திரும்பி வந்தால், மிச்சமிருக்கும் ஸ்போரிலிருந்து முளைப்பது வளர முடியாது.

எனவே, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால், கடந்த மூன்று மாதத்தில் சாப்பிட்ட, போட்டுக்கொண்ட ஆன்டிபயாட்டிக் எது என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக்கைத் தவிர்த்தால், இந்த நோய்க்குக் கதவு திறப்பதையே பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.