பக்கங்களைப் பங்கு பிரிக்கும் கணக்கு

ஒன்பது அத்தியாயங்கள் கொண்ட ஒரு புத்தகம் மெய்ப்புப் பார்க்கத் தயாராக இருக்கிறது. அத்தியாயங்களின் பக்கங்கள் வரிசையாக 24, 41, 18, 33, 52, 27, 15, 38, 22, மொத்தம் 270. மெய்ப்புப் பார்ப்பவர்கள் மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் அடுத்தடுத்து வரும் அத்தியாயங்களைத்தான் தர வேண்டும். ஓர் அத்தியாயத்தை இருவருக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. மூவரும் ஒரே வேகத்தில் படிப்பவர்கள் என்றால், அதிகப் பக்கம் யார் கைக்குப் போகிறதோ அவர் முடிக்கும் நாளில்தான் புத்தகம் அச்சுக்குப் போகும். அந்த மிகப் பெரிய பங்கை எவ்வளவு குறைக்க முடியும் என்பதே கேள்வி. கணினி நிரலாளர்களிடம் இது, ஓர் எண் வரிசையை k துண்டுகளாக வெட்டி, பெரிய துண்டின் கூட்டுத்தொகையைச் சிறிதாக்கும் கணக்கு.

முதலில் தோன்றும் வழி சராசரி. ஆளுக்கு 90 பக்கம் வருகிறது. 90ஐ எட்டும்வரை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகலாம். அப்படிச் செய்தால் பங்குகள் 116, 94, 60 என்று விழுகின்றன. முதலாமவர் தலையில் சுமை ஏறிவிட்டது. எல்லா வெட்டுகளையும் முயன்று பார்ப்பது இன்னொரு வழி. ஒன்பது அத்தியாயங்களை மூன்றாக வெட்ட 28 வழிகளே உண்டு என்பதால் கையாலேயே முடித்துவிடலாம். ஆனால் 100 அத்தியாயங்களைப் பத்துப் பேருக்குப் பிரிக்க வேண்டுமென்றால் வழிகள் சுமார் 1.73 லட்சம் கோடி.

இங்கேதான் கேள்வியைத் திருப்பிப் போடும் உத்தி வருகிறது. மிகச் சிறந்த வெட்டு எது என்று தேடுவது கடினம். ஆனால், "ஒருவருக்கும் 106 பக்கத்துக்கு மேல் போகாமல் மூன்று பேருக்குள் முடியுமா?" என்ற கேள்விக்கு ஒரே நடையில் பதில் சொல்லிவிடலாம். முதல் அத்தியாயத்திலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். அடுத்ததைச் சேர்த்தால் வரம்பு தாண்டும் என்றால் மட்டும் வெட்டி, புதிய ஆளிடம் கொடுக்க வேண்டும். 24, 41, 18 சேர்ந்து 83. அடுத்த 33ஐச் சேர்த்தால் 116 ஆகிவிடும், எனவே வெட்டு. 33, 52 சேர்ந்து 85. 27 சேர்ந்தால் 112, மறுபடி வெட்டு. மீதி நான்கும் 102. மூன்று ஆட்கள் போதும், பதில் "முடியும்".

இப்படி ஒவ்வொருவருக்கும் முடிந்தவரை நிரப்பிவிடுவது சரிதானா என்ற சந்தேகம் நியாயமானது. முதல் ஆளுக்கு இன்னும் குறைவாகக் கொடுத்தால், விடுபட்ட அத்தியாயம் அடுத்தவர் பங்கின் தலையில்தான் போய்ச் சேரும். அவருக்கு வேலை கூடுமே தவிர, யாருக்கும் குறையாது. பக்க எண்கள் எதிர்மறையாக இருக்க முடியாது என்பதால், முந்தி வெட்டுவதால் ஆள் எண்ணிக்கை ஒருபோதும் குறைவதில்லை.

அடுத்த கவனிப்பு இன்னும் முக்கியம். 106 பக்க வரம்பில் முடியும் என்றால் 107லும் முடியும், 200லும் முடியும். 93ல் முடியாது என்றால் 92லும் முடியாது. ஆகவே வரம்புகளை வரிசையாக நிறுத்தினால், முதலில் எல்லாம் "முடியாது", ஓர் இடத்துக்குப் பிறகு எல்லாம் "முடியும்". அந்த எல்லைக்கோடுதான் விடை. அகராதியில் சொல் தேடுவதுபோல் பாதி பாதியாகக் குறுக்கி அதைப் பிடித்துவிடலாம். இதுவே இருமத் தேடல். வழக்கமாக இதில் ஒரு பட்டியலுக்குள் தேடுவார்கள். இங்கே விடையாக வரக்கூடிய எண்களுக்குள்ளேயே தேடல் நடக்கிறது.

விடை 52க்குக் குறைய முடியாது, ஏனெனில் 52 பக்க அத்தியாயம் முழுதாக யாரோ ஒருவரிடம் போயாக வேண்டும். 270க்கு மேல் போகவும் தேவையில்லை. நடுவில் உள்ள 161 முடியும். இரண்டே ஆள் போதும். அடுத்து 106, முடியும். 79க்கு நான்கு ஆள் வேண்டும், முடியாது. 93 முடியாது, 100ம் முடியாது. 103 முடியும், 102 முடியும், 101 முடியாது. எட்டுச் சோதனையில் விடை 102 என்று நின்றுவிட்டது. 101ல் ஏன் முடியவில்லை என்று பார்த்தால், மூன்றாமவர் 27, 15, 38 வரை எடுத்து 80ல் நிற்கிறார். கடைசி 22 பக்கங்களுக்கு நான்காவது ஆள் தேவைப்படுகிறார்.

பைதான் மொழியில் முழு நிரலும் இவ்வளவுதான்:

```python
def parts(a, limit):
    count, total = 1, 0
    for x in a:
        if total + x > limit:
            count += 1
            total = 0
        total += x
    return count

def smallest_largest(a, k):
    lo, hi = max(a), sum(a)
    while lo < hi:
        mid = (lo + hi) // 2
        if parts(a, mid) <= k:
            hi = mid
        else:
            lo = mid + 1
    return lo
```

சிறிய நிரல்தான், ஆனால் ஒவ்வொரு குறியும் கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. `<= k` என்ற இடத்தில் `== k` என்று எழுதினால், இரண்டே ஆளில் முடிந்த 161 "முடியாது" ஆகிவிடும்; தேடல் தவறான பக்கம் திரும்பும். குறைந்த ஆளில் முடிவது நல்ல செய்தியே. எந்தத் துண்டையும் மேலும் வெட்டிக்கொள்ளலாம், அதனால் பங்கு பெருகாது. `lo = mid + 1` என்பதை `lo = mid` என்று எழுதியவர், கடைசிக் கட்டத்தில் lo 101, hi 102 ஆகும்போது மாட்டிக்கொள்வார். நடு எண் மீண்டும் 101. Lo அங்கேயே நிற்கும். நிரல் முடிவில்லாமல் சுற்றும். `max(a)`க்குப் பதில் சுழியத்திலிருந்து தொடங்கினால் பிழை கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். மூன்று பேருக்கு விடை சரியாகவே வரும். ஒன்பது பேர் என்று மாற்றினால், 24 பக்க வரம்பிலேயே "ஒன்பது துண்டு, முடியும்" என்று சோதனை சொல்லிவிடும். 52 பக்க அத்தியாயம் வரம்பை மீறியதை அது கவனிக்கவே இல்லை. அதனால்தான் k எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும் நிலையையும் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

ஒரு லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் நூறு கோடி வரை என்றாலும், சுமார் 47 சோதனைகளில் வேலை முடிந்துவிடும். மொத்தம் 47 லட்சம் கூட்டல் அளவு. அந்த அளவில் சி, ஜாவா போன்ற மொழிகளில் எழுதுபவர்கள் கூட்டுத்தொகையை 64 பிட் எண்ணில் வைக்க வேண்டும். 32 பிட் முழு எண் 2147483647ஐத் தாண்டினால் எதிர்மறையாகப் புரண்டுவிடும். `lo + hi` என்ற இதே கூட்டல் புரளும் பிழை ஜாவாவின் அடிப்படை நூலகத்திலேயே பல ஆண்டுகள் இருந்ததை, அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006ல் வெளிப்படையாக எழுதினார்.

இந்த முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. எதிர்மறை எண் நுழைந்தால் நிரப்பிக்கொண்டே போகும் சோதனை பொய் சொல்லும். 4, 3, -3 என்ற வரிசையின் மொத்தம் 4. ஒரே துண்டாக, 4 என்ற வரம்புக்குள் அடங்கும். ஆனால் சோதனை 4+3ல் பயந்து வெட்டி, இரண்டு துண்டு என்று சொல்லும். இரண்டாவது, அத்தியாயங்களின் வரிசை. எந்த அத்தியாயத்தையும் யாருக்கும் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டால் கணக்கு எளிதாகிவிடும் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது: அப்போது "இந்த வரம்பில் முடியுமா?" என்ற கேள்வியே கடினமாகிவிடுகிறது, எல்லா நேரத்திலும் வேகமாகப் பதில் சொல்லும் வழி எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.