பாக்கெட் கறியில் தேங்கும் சிவப்பு நீர்

சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியிலிருந்து அரைக் கிலோ ஆட்டுக்கறித் தட்டை எடுத்துச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பாக நீர் ஓடி ஒரு மூலையில் தேங்கும். "இன்னும் ரத்தம் வடியுதே, சரியா வெட்டல போல" என்று முகம் சுளித்து, தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது ரத்தமாக இருந்தால் அப்படி ஓடியே இருக்காது.

ரத்தப் பொரியல் செய்பவர்களுக்கு இது தெரியும். ஆட்டை அறுத்ததும் பாத்திரத்தில் பிடிக்கும் ரத்தம் சில நிமிடங்களிலேயே கட்டியாகிவிடும். கடைக்காரர் அதை ஊற்றித் தருவதில்லை, துண்டாக அள்ளித்தான் தருகிறார். தட்டில் உள்ள நீரோ நாள் கடந்தும் உறைவதில்லை. ஆட்டின் ரத்தத்தில் பெரும்பங்கு அறுக்கும்போதே வெளியேறிவிடுகிறது. மிஞ்சுவதில் அதிகமும் ஈரல் போன்ற உள்ளுறுப்புகளில் தங்குகிறது. சதைக்குள் நிற்பது கொஞ்சம்தான். ஆகவே தட்டு நீரில் ரத்தம் துளிகூட இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம் ரத்தம் அல்ல.

காரணம், மயோகுளோபின் என்ற புரதம். ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு இது உறவுக்காரன். இரண்டிலும் இரும்பு உண்டு, இரண்டும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் அதைச் சுமந்து ஊர் சுற்றுகிறது. மயோகுளோபின் தசைக்குள்ளேயே உட்கார்ந்து சேமித்து வைக்கிறது. நெடுநேரம் மூச்சடக்கி முங்கும் திமிங்கிலத்தின் தசையில் இது ஏராளம். 1958இல் ஜான் கெண்ட்ரூ குழுவினர் இந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தபோது ஆராய்ந்ததும் திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்ததைத்தான். அதற்காக 1962இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கோழியின் நெஞ்சுக்கறியில் மயோகுளோபின் குறைவு என்பதால் அதன் தட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நீர்தான் இருக்கும். ஓடியாடும் தொடைக்கறி அதைவிடக் கறுத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

சரி, தசைக்குள் இருந்தது ஏன் வெளியே வருகிறது? கறியில் முக்கால் பங்கு தண்ணீர். உயிரோடு இருக்கும்போது தசைப் புரதங்கள் அதை இறுகப் பிடித்திருக்கும். அறுத்த பிறகு ஆக்சிஜன் வரத்து நின்றுபோக, தசையில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்து லாக்டிக் அமிலமாக மாறுகிறது. சதை மெல்லப் புளிப்பேறுகிறது. அந்த அமிலத்தில் புரதங்களின் பிடி தளர்கிறது, தசை இழைகள் சுருங்குகின்றன, இடையில் இருந்த நீர் பிழியப்பட்டு வெட்டுவாய் வழியே கசிகிறது. மயோகுளோபின் நீரில் கரையக்கூடியது என்பதால் கூடவே வந்துவிடுகிறது. 100 கிராமுக்கு 2 கிராம் கசிந்தாலும் அரைக் கிலோவுக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன். தட்டில் நாம் பார்ப்பது ஏறக்குறைய இவ்வளவுதான், வெள்ளைத் தட்டில் கூடுதலாகத் தெரிகிறது.

ஃப்ரீசரில் உறைய வைத்த கறி என்றால் கசிவு கூடும். வீட்டு ஃப்ரீசரில் கறி மெதுவாக உறைவதால் பெரிய பனிப் படிகங்கள் உருவாகி இழைகளைக் கிழிக்கின்றன. உருகும்போது அந்தக் கிழிசல்கள் வழியே நீர் வெளியேறுகிறது. சமைத்த பிறகு கறி சக்கையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உறைந்த பாக்கெட்டை வாங்கும்போது அடிப்பகுதியைப் பாருங்கள். சிவப்புப் பனி பாளமாக உறைந்திருந்தால், அந்தக் கறி எங்கோ ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நான் அந்தப் பாக்கெட்டை எடுக்க மாட்டேன்.

நிறத்தை மட்டும் வைத்துக் கறியை எடைபோட முடியாது. மயோகுளோபின் காற்று பட்டால் பளிச்சென்று சிவக்கும். காற்று நீக்கிய உறையில் ஊதா சாயலில் கறுத்திருக்கும், உறையைப் பிரித்து அரை மணி நேரம் வைத்தால் சிவப்பு திரும்பும். நாளாக ஆக, இரும்பின் நிலை மாறிப் பழுப்பாகும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரிவது இதனால்தான். கெட்டுப்போனதைக் காட்டுவது வேறு: புளித்த வாடை, விரலில் ஒட்டும் வழவழப்பு, உப்பிய உறை.

ரத்தம் இல்லை என்பதால் அந்த நீர் சுத்தமானது என்றும் எண்ண வேண்டாம். பச்சைக் கறியில், குறிப்பாகக் கோழியில், இருக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதிலும் இருக்கும். அதனால்தான் கறியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். மேல்தட்டில் வைத்தால் அந்த நீர் தக்காளி, கொத்தமல்லி மேல் சொட்டும். குழாயடியில் கறியை வேகமாக அலசினால் அது சிங்க்கைச் சுற்றித் தெறிக்கும். அலச வேண்டுமென்றால் பாத்திரத்தில் நீர் விட்டு மெதுவாக அலசி, பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டின் அடியில் பஞ்சு போல ஒரு வெள்ளை அட்டை இருக்கும். கசிவை உறிஞ்சிக்கொள்ளத்தான் அதை வைக்கிறார்கள். கறியோடு ஒட்டிக்கொண்டு அதுவும் குழம்புச் சட்டிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.