சந்தா இருநூறா, முந்நூறா?

எங்கள் வாசகர் மன்றத்தில் இரண்டு விண்ணப்பப் படிவங்கள் புழங்கின. ஒன்றில் ஆண்டுச் சந்தா 200 ரூபாய், மற்றதில் 300.

டோக்குவிக்கி என்ற இலவச மென்பொருளுக்கு மாறினோம். அதற்குத் தரவுத்தளம் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் சாதாரண உரைக் கோப்புதான். தொகையை விதிப் பக்கத்தில் மட்டும் எழுதினோம். படிவப் பக்கத்தில் தொகை இல்லை, `[[rules:fees]]` என்ற இணைப்புதான்.

கூட்டக் குறிப்புக்கு `minutes:2024-03-10` என ஆண்டு முதலில் வரப் பெயரிட்டால் தேதி வரிசை தானே அமையும். விதியைத் திருத்தும்போது, தீர்மானம் நிறைவேறிய கூட்டத்துக்கு அருகிலேயே இணைப்புக் கொடுக்கிறோம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதைப் பழைய பதிப்புகள் காட்டிவிடும்.

ஒன்றில் கவனம் தேவை: அணுகல் கட்டுப்பாட்டை இயக்காவிட்டால், வழிப்போக்கரும் விதியைத் திருத்தலாம்.