மூன்றாவது பெட்டி

கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்சார ரயில். முதலில் வருபவர் கைக்குட்டை போட்டு மற்றவருக்கு இடம் பிடிப்பார். ஆறு வருடம் நானும் என் சீனியரும் அப்படித்தான் போனோம். வேறு வேலை தேடுகிறேன் என்று அவரிடம் மட்டும் சொன்னதும் அந்த ரயிலில்தான்.

ஒரு வாரத்தில் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

மறுநாளே ஆறாவது பெட்டிக்கு மாறினேன். சண்டை போடவில்லை. அதுதான் தப்பு என்று இப்போது படுகிறது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கேட்காத கோபம், நடைமேடையில் அவர் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் வளர்ந்தது.

மூன்று வாரம் கழித்து, மழை நாளில், ஓடிவந்து கையில் கிடைத்த பெட்டியில் ஏறினேன். மூன்றாவது பெட்டி. அவர் பேசவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே போனேன். அடுத்த நாளும் அதே பெட்டியில் ஏறினேன், உட்கார்ந்தேன். "மணி என்ன?" என்ற அளவில் பேச்சு திரும்பியது. பழைய விஷயத்தை இருவரும் தொடவில்லை.

பத்து நாள் போயிருக்கும். தாம்பரம் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ரயில்ல பேசினத ஆபீஸ்ல சொல்லியிருக்கக் கூடாது தம்பி. நீ போயிடக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமேண்ணே," என்றேன்.

கிண்டி வரை இருவரும் பேசவில்லை. மறுநாள் காலை ஜன்னலோர இருக்கையில் அவருடைய நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை கிடந்தது.