தேயிலைப் பொதியும் தீவகத்துக் கடையும்: வணிகப்பெயரின் அடையாளமும் நிலைநிறுத்தலும்

சந்தைப்படுத்தல் துறையினர் ‘பிராண்ட்’ என வழங்குவதனை நாம் ஈண்டு வணிகப்பெயர் என்போம். அத்துறையிலே வணிகப்பெயரின் அடையாளம், அதன் நிலைநிறுத்தல் என இரு கருத்துக்கள் பயின்று வருகின்றன. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். அடையாளம் என்பது உற்பத்தியாளர் தமது பண்டத்தைப் பற்றித் தாமே வகுத்துக்கொள்ளும் சித்திரம். பெயர், தோற்றம், பேசும் தொனி, அளிக்கும் வாக்குறுதி ஆகியன அதன் கூறுகள். நிலைநிறுத்தல் என்பது போட்டிப் பண்டங்களோடு ஒப்பிடுமிடத்து வாங்குவோர் மனத்திலே அப்பண்டம் பெறும் இடத்தைத் தீர்மானிக்க முயல்வது. முன்னையதைத் தனித்து நின்று வரையறுக்கலாம். பின்னையதை மற்றொன்றின் துணையின்றி வரையறுத்தல் இயலாது. இக்கருத்தினை அமெரிக்க விளம்பரத்துறையினரான அல் ரீஸ், ஜாக் டிரவுட் ஆகியோர் 1972ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைகளே பரவலாக்கின. சந்தையில் பண்டங்கள் மலிந்து, அவற்றிடையே உண்மையான வேறுபாடு அருகிய காலகட்டத்திலேயே இக்கருத்து தோன்றிற்று என்பது தற்செயலன்று.

இவ்வேறுபாட்டினை விளக்குதற்கு இலங்கையின் டில்மா தேயிலை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இலங்கைத் தேயிலை நெடுங்காலமாகக் கொழும்பு ஏலத்தில் விற்கப்பட்டு, மொத்தமாகக் கப்பலேறி, அந்நிய நாடுகளிலே பிற நாட்டுத் தேயிலைகளோடு கலக்கப்பட்டு, அந்நியர் பெயரில் பொதியிடப்பட்டு வந்தது. 1890இல் இலங்கைக்கு வந்து மலையகத்திலே தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர் உலகெங்கும் தேயிலைக்கு மறுபெயராயிற்று. இலையைப் பறித்த நாட்டுக்கும் இலையை விற்ற பெயருக்குமிடையே விழுந்த இந்தப் பிளவினையே மெரில் ஜே. பெர்னாண்டோ 1980களில் தமது வணிகத்தின் மூலதனமாக்கினார்.

அவர் வகுத்த அடையாளத்தைக் கூறு கூறாக நோக்குவோம். பெயர், அவருடைய புதல்வர்களான டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களை இணைத்து ஆக்கப்பட்டது. பிறநாட்டார்க்கு அதில் எவ்விதப் பொருளும் தோன்றாது. ஆயினும் அதன் வரலாற்றை அறியும்போது, ஒரு குடும்பம் பிணை நிற்கின்றது என்னும் உணர்வு பிறக்கின்றது. தோற்றத்திலே இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை இடம்பெறுகின்றது. முழுவதும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதியிடப்பட்டதற்கே அவ்விலச்சினை வழங்கப்படும். எனவே அது அழகுக்கான ஓவியமன்று, ஒரு சான்று. தொனியோ அடக்கமானது. தொலைக்காட்சி விளம்பரங்களிலே நிறுவுநரே தோன்றி, ஒரு முதியவர் விருந்தினரை உபசரிப்பது போல, அருந்திப் பார்க்குமாறு அழைத்தார். வாக்குறுதி, ஒரே நாட்டில் விளைந்து அந்நாட்டிலேயே பொதியிடப்பட்ட, கலப்பற்ற, புத்தம்புதிய தேயிலை என்பது.

இவையனைத்தும் அடையாளமே. நிலைநிறுத்தல் எப்போது நிகழ்ந்தது? டில்மா ஆஸ்திரேலியச் சந்தைக்குச் சென்றபோது அங்கு அலமாரிகளை நிரப்பி நின்றவை பன்னாட்டு நிறுவனங்களின் கலவைத் தேயிலைகள். அவற்றின் அருகே வைக்கப்பட்டபோதுதான் ‘கலப்பற்றது’ என்ற சொல் கூர்மை பெற்றது. ‘எதனிலும் கலப்பற்றது?’ என வினவின், விடை அலமாரியிலேயே இருந்தது. ஒரு கூற்று அடையாளத்தைச் சார்ந்ததா நிலைநிறுத்தலைச் சார்ந்ததா என அறிய விழைவோர் இவ்வினாவையே எழுப்புதல் வேண்டும்: எதனைக் காட்டிலும்? விடையில்லையேல் அது வெறும் சுயவருணனை; நிலைநிறுத்தலன்று.

இனி அதே பொதியை ஊர்காவற்றுறையில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கொண்டுசெல்வோம். பெயர் மாறவில்லை, தோற்றம், தொனி, வாக்குறுதி எவையும் மாறவில்லை. ஆயின் அதன் அருகே இப்போது இருப்பவை யாவை? வட்டவளை, ரன் கஹட்ட போன்ற உள்நாட்டுப் பொதிகளும், கடைக்காரர் நிறுத்துத் தாளில் சுற்றித்தரும் தேயிலைத் தூளுமே. இவை யாவும் இலங்கைத் தேயிலையே! மெல்பேணில் டில்மாவைத் தனித்துக் காட்டிய வாக்குறுதி இங்கே எதனையும் வேறுபடுத்துவதில்லை. கடையிலுள்ள எல்லாப் பண்டங்களும் அளிக்கும் வாக்குறுதி எந்தவொரு பண்டத்துக்கும் இடம் தேடித்தராது. இங்கு அது ‘விலை கூடியது, வெளிநாட்டுக்குப் போவது, விருந்தாளிக்கு வைப்பது’ என்ற வேறோர் இடத்தையே பெறும். அவ்விடத்தை வழங்குவது அருகேயுள்ள பொதிகளின் விலை.

போட்டிப் பொதிகளையும் சிறிது நோக்குதல் தகும். ‘ரன்’ என்பது சிங்களத்தில் பொன், ‘கஹட்ட’ துவர்ப்பு. பெயரே சுவையைச் சொல்லிவிடுகின்றது: நாள்தோறும் குடிக்கும் கடுஞ்சாயத் தேநீர் இது என்பது சிங்கள வாசகருக்கு உடனே புலனாகும். சிங்களம் அறியாத வேலணைப் பெண்ணுக்கு அச்சொல் வெறும் ஒலி. ‘வட்டவளை’ அவ்வாறன்று, அது அற்றன் அருகேயுள்ள ஊர். தென்னிலங்கையிலும் மலையகத்திலும் கடை வைத்துப் பிழைத்த தீவக வணிகர் குடும்பங்களுக்கு அப்பெயர் புகையிரத நிலையமொன்றின் நினைவாகவே தோன்றக்கூடும். ஒரே நிறுவனத்தின் இரு பெயர்கள் ஒரே வாசகரிடத்து இவ்வளவு வேறுபட்ட இடங்களைப் பெறுகின்றன. தாளில் சுற்றிய தூளுக்கோ பெயருமில்லை, தோற்றமுமில்லை. ஆயினும் ‘இது நல்லாய்ச் சாயம் விடும்’ என்ற கடைக்காரரின் ஒரு சொல் அதற்கு உறுதியான இடத்தை வழங்கிவிடுகின்றது. அடையாளமின்றியும் நிலை அமையலாம் என்பதற்கு இது சான்று. மறுதலையாக, சீரிய அடையாளம் இருந்தும் நிலை அமையாது போவதனை நாம் மேலே கண்டோம்.

வாக்குறுதி பொதியின் மீது அச்சாகின்றது, பரிசோதிக்கப்படுவதோ கேத்தலில். தீவகம் சுண்ணாம்புக் கற்பாறை நிலம். கிணற்று நீர் பல இடங்களிலே வன்னீர். சில இடங்களில் உவர்நீர். வன்னீரிலுள்ள கல்சியம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு கூடுவதனால், தேநீர் மங்கிக் கலங்கும். மேலே மெல்லிய ஆடை படரும். நுண்ணிய நறுமணம் அடங்கிவிடும். நெடுந்தீவில் வெறுந்தேத்தண்ணீரைப் பனங்கட்டியோடு குடிக்கும் ஒருவர் உயர்ந்த தேயிலையின் மணத்துக்கு மேலதிக விலை கொடுக்க மறுப்பாராயின், அது ரசனைக் குறைவன்று. அந்நீரில் அம்மணம் அவரை வந்தடைவதேயில்லை. சாயம் வந்தடைகின்றது, ஆகவே சாயமே இங்கு போட்டிக் களமாகின்றது. இதனை உணராத நிறுவனம் விற்பனை குன்றியதும் பொதியின் நிறத்தை மாற்றும், எழுத்தை மாற்றும். நிலையில் நேர்ந்த கோளாற்றை அடையாளத்தில் திருத்த முனையும் இத்தவறு சந்தைகளிலே அடிக்கடி நிகழ்வது. விளைவாகப் பழைய வாடிக்கையாளர் தமது பொதியை அடையாளங் காணாது தடுமாறுவர்; புதியவரோ வருவதில்லை.

அடையாளம் எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதும் ஆராயற்பாலது. பொதியிடும் இலாபம் அந்நியரிடமிருந்து இந்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற பெர்னாண்டோவின் வாதம் நியாயமானது. ஏகாதிபத்திய வணிகம் விட்டுச்சென்ற ஒரு சுரண்டலை அது சரியாகவே சுட்டியது. ஆனால் ‘தூய இலங்கைத் தேயிலை’ என்ற தொடர் நாட்டையும் நாட்டையும் ஒப்பிடுகின்றதேயன்றி, முதலையும் உழைப்பையும் ஒப்பிடுவதில்லை. இக்குறை ஒரு நிறுவனத்துக்கே உரியதன்று. கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தேயிலை விளம்பரங்களிலே நூறாண்டுக்கு மேலாக இடம்பெற்று வருகின்றது; அவளது கூலி இடம்பெற்றதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவள் முன்னோரை நாடற்றவராக்கியது. நாட்கூலி 1,000 ரூபாவாதல் வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021இலேயே சம்பளச் சபை வழியாக நிறைவேறிற்று. சரக்கின் மாயத்தன்மை என மார்க்ஸ் விளக்கியது இதனையே: மனிதரிடையேயான உறவு, பொதிகளுக்கிடையேயான உறவாகத் தோற்றங்கொள்கின்றது.

இவ்விடத்திலும் ‘எதனைக் காட்டிலும்?’ என்ற வினா பயன்படும். கூலியை முன்னிறுத்தி ஒரு தேயிலை தன்னை நிலைநிறுத்துமாயின், அருகேயுள்ள ஒவ்வொரு பொதியும் தன் கூலியைச் சொல்ல நேரும். ‘மலையின் மணம்’, ‘தோட்டத்துப் புதுமை’ ஆகிய வாக்குறுதிகள் அலமாரிகளில் மலிந்திருக்க, அந்த ஒப்பீட்டுக்கான இடம் மட்டும் ஊர்காவற்றுறையிலும் மெல்பேணிலும் ஒருபோலக் காலியாகவே கிடக்கின்றது.